கிளிநொச்சிப் பக்கம் தங்க ட்ரேடிங் ‘பேண்ட்’ வகுப்புக்குக் காசு கட்டப் போகிறவர்களுக்கு

காலபோக நெல் விற்ற காசு கையில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் இந்த வகுப்புகள் தொடங்கும். 2024 பெப்ரவரியில் கிளிநொச்சியில் நான் சேர்ந்த தங்க ட்ரேடிங் வகுப்பில் சொல்லித்தந்தது ஒரே ஒரு விதி. பொலிஞ்சர் பேண்ட் என்பது விலைப் படத்தின் மேல் வரையும் மூன்று கோடுகள்; அதன் மேல்கோட்டை விலை தொட்டால் விற்க வேண்டும், கீழ்க்கோட்டைத் தொட்டால் வாங்க வேண்டும். விலை எப்படியும் நடுக்கோட்டுக்குத் திரும்புமாம்.

நடுக்கோடு கடைசி 20 நாள் முடிவு விலைகளின் சராசரி. அதிலிருந்து இரண்டு நியமவிலகல் மேலும் கீழும் தள்ளி மற்ற இரண்டு கோடுகள். பெப்ரவரி முழுக்க ஒரு அவுன்ஸ் தங்கம் ஏறத்தாழ 1990க்கும் 2055 டொலருக்கும் இடையில் ஆடியது. நடுக்கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடந்தது. அப்படிப்பட்ட சந்தையில் அந்த விதி வேலை செய்யும், செய்தது. சேர் காட்டிய படங்கள் எல்லாம் இப்படிப்பட்ட மாதங்களின் படங்கள்தான்.

மார்ச் 1 அன்று விலை 2080 அளவில், மேல்கோட்டுக்கு வெளியே முடிந்தது. "விற்கலாம்" என்று குழுவில் தகவல் வந்தது. 2115இல் இன்னொன்று, 2130இல் மூன்றாவது. நட்டம் ஒரு அளவைத் தொட்டதும் தானாக வெளியேற்றும் ஸ்டொப் லொஸ் போடவேண்டாம், அது பயந்தவர்களுக்கு என்றார் சேர். மார்ச் 8இல் விலை 2180ஐத் தொட்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் விற்றது 0.01 லொட், அதாவது ஒரு அவுன்ஸ். விலை ஒரு டொலர் ஏறினால், விற்றவருக்கு ஒரு டொலர் நட்டம். மூன்றுக்கும் 100, 65, 50 என்று மொத்தம் 215 டொலர். கணக்கில் போட்டிருந்தது 200தான்.

இதற்குப் பெயர் விலை பேண்டின் மேல் நடந்துபோவது. ட்ரெண்ட் பலமாக இருந்தால் விலை மேல்கோட்டை ஒட்டியபடியே நாள்கணக்கில் ஏறும். அங்கே கோட்டைத் தொடுவது பலத்தின் அடையாளமே தவிர, விற்கச் சொல்லும் சைகை அல்ல. அந்த வாரத்துப் படத்திலேயே அது தெரியும்: நடுக்கோடு மேல்நோக்கித் திரும்புகிறது, விலை ஏறும்போதே கீழ்க்கோடு எதிர்ப்பக்கமாக இறங்கிக் கோடுகள் விரிகின்றன, முடிவு விலை ஒருநாள் அல்ல, தொடர்ந்து கோட்டுக்கு வெளியேயோ பக்கத்திலேயோ நிற்கிறது. இதில் எதையும் வகுப்பில் அவர் வாய்திறந்து சொல்லவில்லை.

ஏன் என்பது பிறகுதான் விளங்கியது. அவர் தந்த லிங்கில்தான் எல்லோரும் கணக்குத் திறந்தோம். நாங்கள் போடும் ஒவ்வொரு லொட்டுக்கும் புரோக்கரிடமிருந்து அவருக்குக் கமிஷன் போகும், வென்றாலும் தோற்றாலும். ஒன்றுக்கு மூன்றாக விற்கச் சொன்னதில் அவருக்கு நட்டமே இல்லை. கட்டணத்தைத் திருப்பிக் கேட்டேன். "மார்க்கெட் எல்லாருக்கும் ஒன்றுதான் தம்பி" என்றார், அப்புறம் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

முல்லைத்தீவு, மாங்குளம் பக்கமும் இப்போது அதே துண்டுப்பிரசுரம் வருகிறதாம். காசு கட்டுமுன் தங்கத்தின் டொலர் விலையைக் காட்டும் XAUUSD நாள் சார்ட்டை 2024 மார்ச்சுக்கு இழுத்து வைத்து, இங்கே உங்கள் விதிப்படி எங்கே விற்பீர்கள், எங்கே வெளியேறுவீர்கள் என்று கேளுங்கள். கணக்குத் திறக்கும் லிங்கில் அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.