ஒரு ஊசி, மூன்று வழிகள்: ஹப் கட்டரா, நீடில் பர்னரா, முழு சிரிஞ்சும் பெட்டிக்கா?

சின்ன கிளினிக்கில் மஞ்சள் பைக்கு என்ன போகும் என்பதில் பெரிய குழப்பம் வருவதில்லை. ரத்தம் பட்ட பஞ்சு, காஸ், கட்டுத்துணி எல்லாம் அங்கே போகும். கையுறை, டிரிப் குழாய் சிவப்புக்கு, ஆம்பியூலும் கண்ணாடிக் குப்பியும் நீலத்துக்கு. சிக்கல் வருவது ஊசி போட்டு முடித்த சிரிஞ்சு கையில் இருக்கும் அந்த ஐந்து விநாடியில்தான். ஊசி வெள்ளைப் பெட்டிக்கும் சிரிஞ்சு சிவப்புப் பைக்கும் போக வேண்டும் என்கின்றன 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள். இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்பதற்கு டெல்டா கிளினிக்குகளில் மூன்று பழக்கங்கள் இருக்கின்றன.

கணக்குக்காக, திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு டாக்டரும் ஒரு சிஸ்டரும் இருக்கும் கிளினிக்கை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 30 ஊசி, மாதம் 26 நாள் என்றால் 780 சிரிஞ்சு.

முதல் வழி, ஊசியோடு சிரிஞ்சை அப்படியே பெட்டியில் போடுவது. கை காயப்படும் வாய்ப்பு இதில்தான் மிகக் குறைவு, ஏனென்றால் ஊசியை யாரும் மறுபடி தொடுவதில்லை. தடுப்பூசி முகாம்களில் பல நாடுகள் இதைத்தான் செய்கின்றன. ஆனால் 5 லிட்டர் பெட்டி ஒன்றில் சுமார் 100 சிரிஞ்சுதான் பிடிக்கும். நம் கிளினிக்குக்கு மாதம் எட்டுப் பெட்டி வேண்டும். எட்டு வாங்க மனம் வராமல் நான்கில் அமுக்கித் திணிப்பார்கள். அப்படித் திணிக்கும்போதுதான் ஊசி குத்துகிறது. விதியும் இடம் கொடுக்கவில்லை: வெள்ளைப் பெட்டிக்கு முழுசாகப் போக வேண்டியது இன்சுலின் சிரிஞ்சு மாதிரி ஊசி கழற்ற முடியாதவை மட்டுமே. மற்ற சிரிஞ்சின் பிளாஸ்டிக், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆட்டோகிளேவில் வெந்து, துண்டாகி, மறுசுழற்சிக்குப் போக வேண்டிய பொருள்.

இரண்டாவது, மின்சார நீடில் பர்னர். மின்பொறியில் ஊசி உருகுவது கண்ணுக்குத் தெரிவதால் இதன்மேல் பலருக்கும் நம்பிக்கை அதிகம். விதியும் இதைத் தடுக்கவில்லை. ஆனாலும் நாங்கள் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். உருகுவது கம்பி மட்டும். பிளாஸ்டிக் கழுத்தருகே கூரான சிறு முனை நின்றுவிடும். அது சிவப்புப் பையைக் கிழிக்கும், பையைத் தூக்குபவரின் காலிலும் ஏறும். தடித்த ஊசி சரியாக உருகாது. மின்முனையில் கரி படியப் படிய மெல்லிய ஊசியும் பாதியிலேயே நிற்கும். பக்கத்து டிரேயில் ஸ்பிரிட் பஞ்சு இருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. இதையெல்லாம் விடப் பெரிய குறை, சிரிஞ்சின் மூக்கு அப்படியே இருப்பது. புது ஊசியை மாட்டினால் மறுபடி உபயோகிக்கலாம். மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகு எத்தனையோ ஊர்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. காயத்துக்கு ஊசி போடும் கூட்டம் அதிகமாக வருவதும் அந்த மாதிரி நாட்களில்தான்.

மூன்றாவது கையால் அழுத்தும் ஹப் கட்டர். நம் கிளினிக்குக்கு இதுவே சரி. ஊசி மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கழுத்தையும் சிரிஞ்சின் மூக்கையும் சேர்த்து இது வெட்டுகிறது. ஊசி கீழே டப்பாவில் விழும், சிரிஞ்சு மறுபடி பயன்படாமல் போகும். வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஊசிக் கம்பியை மட்டும் நறுக்கும் டிப் கட்டரும் அதே தோற்றத்தில் கிடைக்கிறது. அதில் பர்னரைப் போலவே முனை மிஞ்சும். ஒரு சிரிஞ்சை வெட்டிப் பாருங்கள். மூக்கும் சேர்ந்து போயிருந்தால்தான் அது ஹப் கட்டர்.

ஊசி போட்டதும் மூடியைத் திரும்ப மாட்டக் கூடாது. சிரிஞ்சில் மிச்சம் மருந்து இல்லை என்று பார்த்து, நேராக, தட்டும்வரை துளைக்குள் இறக்கி, ஒரே அழுத்தில் வெட்ட வேண்டும். சாய்த்துப் பிடித்தால் கழுத்து நசுங்குமே தவிர அறுபடாது. ஊசி தொங்கும், அதைக் கையால் இழுக்கத் தோன்றும். இரண்டு முறை அழுத்த வேண்டி வந்தாலே பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் பிளேடு சீக்கிரம் துருப்பிடிக்கும். பிளீச்சிங் கரைசலில் ஊறவைக்கும் பழைய பழக்கமும் அதைத்தான் செய்கிறது. அந்த ஊறவைப்பு இப்போது தேவையும் இல்லை. கிளினிக்கிலேயே முன்சுத்திகரிப்பு செய்யச் சொல்வது ஆய்வகக் கழிவு, ரத்த மாதிரி, ரத்தப்பை போன்றவற்றுக்குத்தான்.

கட்டரின் பலவீனம் வெட்டுவதில் இல்லை, டப்பாவைக் காலி செய்வதில் இருக்கிறது. நிறைந்த டப்பாவைத் திறந்து பெரிய பெட்டியில் கவிழ்க்கும்போது நூற்றுக்கணக்கான ஊசி ஒருசேரச் சரியும். சிக்கிக்கொண்ட நாலைந்தை விரலால் தட்டிவிடுவார்கள். டப்பாவையே கழற்றி, திறக்க முடியாதபடி மூடி, அப்படியே கழிவு எடுக்க வரும் வண்டியில் கொடுத்துவிடும் மாடலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். வெட்டிய தலைகள் 780-ம் 5 லிட்டர் கொள்ளளவில் முக்கால் பங்குக்குள் அடங்கிவிடும். முக்காலுக்கு மேல் நிரப்பவும் கூடாது. 48 மணி நேரக் கெடு மஞ்சள் பையில் போகும் ரத்தம் பட்ட கழிவுக்குத்தான். ஊசிப்பெட்டி முக்கால் நிறையும்வரை காத்திருக்கலாம்.

இவ்வளவும் பிரித்த பிறகு, "கொல்லையில ஒரு குழி தோண்டிப் போட்டுட்டா போச்சு" என்ற யோசனை உள்ளூரில் எழும். 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேவை கிடைத்தால், கிளினிக் சொந்தமாக ஏற்பாடு செய்யக் கூடாது. அந்தச் சேவை எட்டாத கிராமப்புறங்களில், அதுவும் அனுமதி பெற்றே, ஆழ்குழிப் புதைப்பு செய்யலாம். அது மஞ்சள் பையில் போகும் சிலவற்றுக்கான வழி, ஊசிக்கானது அல்ல. அதற்கும் அளவு இருக்கிறது: குழி 2 மீட்டர், குழியின் அடியிலிருந்து நிலத்தடி நீர் இன்னும் 6 மீட்டர் கீழே. ஆக, தரையிலிருந்து 8 மீட்டருக்கு, அதாவது சுமார் 26 அடிக்கு, நீர் இருக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் சில அடி தோண்டினாலே நீர் ஊறும் மண்ணில் இது எப்படி நடக்கும்? வாய்க்காலோரத்தில் புதைத்த ஊசி வெள்ளத்தில் வயலுக்கு வந்து சேரும். அங்கே சம்பா நடவுக்கு வெறுங்காலோடு இறங்குபவர்களுக்கு எந்தக் கிளினிக் ஊசி என்று தெரியப் போவதில்லை.

எந்த வழியிலும் ஒரு நாள் யாருக்காவது குத்திவிடும். பிதுக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்பதை உடனே டாக்டர் முடிவு செய்ய வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை சிஸ்டருக்கு மட்டுமல்ல, பெருக்க வரும் அக்காவுக்கும் முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். பையைக் கட்டுவதும் தூக்குவதும் பெரும்பாலும் அவர்தான்.