சந்தா இல்லாதவர் எல்லாம் புதியவரா?

ஒரு வீடியோ புது ஆட்களைப் போய்ச் சேர்ந்ததா, வழக்கமாக வருகிறவர்கள் மட்டும்தான் பார்த்தார்களா? இதைத் தெரிந்துகொள்ள யூடியூப் ஸ்டுடியோவில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, Advanced mode-இல் Subscription status வைத்துப் பார்வைகளைப் பிரிப்பது. இன்னொன்று, Audience பக்கத்தில் New viewers எத்தனை பேர் என்று பார்ப்பது.

பெரும்பாலானவர்கள் முதல் வழியைத்தான் எடுக்கிறார்கள், அதிலும் சதவீதத்தை மட்டும் பார்த்துவிடுகிறார்கள். தவறு அங்கேதான் நடக்கிறது. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். முதல் வீடியோவுக்கு 28 நாளில் 10,000 பார்வைகள்: சந்தாதாரர்கள் 6,000, மற்றவர்கள் 4,000. இரண்டாவதற்கு அதே 28 நாளில் 4,000 பார்வைகள்: சந்தாதாரர்கள் 1,000, மற்றவர்கள் 3,000. மற்றவர்களின் பங்கு முதலாவதில் 40 சதவீதம், இரண்டாவதில் 75. இரண்டாவதுதான் வெளியே பரவியது என்று தோன்றும். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள்: வெளியாட்களின் பார்வை 4,000-லிருந்து 3,000-ஆகக் குறைந்திருக்கிறது. நம்ம ஆட்களே அந்த வீடியோவைக் கண்டுகொள்ளாமல் போனதால்தான் சதவீதம் ஏறியது. அதனால் சதவீதத்துக்கு முன்னால், சந்தாதாரர்களின் பார்வை வழக்கமான அளவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, எண்ணிக்கையைப் பார்த்தால் போதுமா? அதுவும் போதாது. வாராவாரம் வந்து பார்த்தும் சந்தா பொத்தானை அழுத்தாதவர்கள் ஏராளம். அவர்களும் ‘மற்றவர்கள்’ கணக்கில்தான் விழுவார்கள். லாகின் செய்யாமல் பார்க்கும் சந்தாதாரரும் அப்படித்தான். சந்தா இருக்கிறதா என்பது பார்க்கும் நேரத்து நிலையை வைத்துப் பதிவாகிறது. வீடியோவைப் பார்த்து முடித்தபின் ஒருவர் சந்தா சேர்ந்தால், அந்தப் பார்வை சந்தா இல்லாதவர் பக்கமே நிற்கும். அப்புறம், இது பார்வைகளின் கணக்கு. ஒரே ஆள் மூன்று முறை பார்த்தால் மூன்றாக ஏறும்.

New viewers ஆட்களின் கணக்கு. ‘புது ஆள் வந்தாரா’ என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது இதுதான். நான் முடிவெடுப்பதும் இதை வைத்துத்தான். இதிலும் கொஞ்சம் கலப்படம் இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் சேனல் பக்கம் வராதவர், பார்த்த வரலாற்றை அழித்தவர், பிரைவேட் பிரவுசரில் பார்ப்பவர் எல்லோரையும் இது புதியவர் என்றே எண்ணும். ஆனாலும் வீடியோவுக்கு வீடியோ ஒப்பிடும்போது இந்தக் கலப்படம் பெரிதாகப் படுத்தாது.

Subscription status-ஐ அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை இரு தரப்புக்கும் தனித்தனியே காட்டுவதில் அது நல்ல உதவி. சந்தாதாரர் 5 நிமிடம் இருக்க, மற்றவர் ஒன்றரை நிமிடத்தில் கிளம்பினால், வீடியோ அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது, ஆனால் பிடித்து வைக்கவில்லை. தொடக்கத்திலேயே பழைய வீடியோவைப் பற்றிப் பேசியிருக்கிறீர்களா என்று அந்த ஒன்றரை நிமிடத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

எந்த வழியானாலும் ஒரே வயதுள்ள வீடியோக்களைத்தான் ஒப்பிட வேண்டும். முதல் இரண்டு நாளில் பெரும்பாலும் சந்தாதாரர்களே முந்திக்கொண்டு வருவார்கள். தேடல் வழியாக வருகிறவர்கள் மெதுவாக, மாதக் கணக்கில் சேருவார்கள். நேற்று போட்டதை ஆறு மாதப் பழையதோடு வைத்தால் நேற்றையது தோற்றதாகவே தெரியும்.