600 பிள்ளைகளா, 88 பிள்ளைகளா? பாடசாலைத் தரவுக்கு நான்கு வழிகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் 20 பாடசாலைகளில் தரம் 9 பிள்ளைகள் 600 பேரின் கணிதப் புள்ளிகளை ஒரு மாணவி திரட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடசாலைக்கு 30 பேர், இரண்டு வகுப்புகள். அவருடைய கேள்விகள் இரண்டு. வீடு தூரமானால் புள்ளி குறைகிறதா? கணிதப் பட்டதாரி ஆசிரியர் இருக்கும் பாடசாலையில் புள்ளி கூடுகிறதா? தூரம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஆசிரியர் விஷயம் பாடசாலை முழுக்க ஒன்றுதான்.

முதல் வழி, 600 பேரையும் ஒரே குவியலாக்கிச் சாதாரண பிற்செலவு போடுவது. எல்லாரும் செய்வது இதைத்தான், மோசமானதும் இதுதான். ஒரே பாடசாலைப் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் படித்து, ஒரே பஸ்ஸில் வருபவர்கள். புள்ளிகளின் மாறற்றிறனில் 20% பாடசாலைகளுக்கு இடையிலானது என்று கொண்டால், தகவல் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பதற்கான கணக்கு இது: 1 + (30 − 1) × 0.2 = 6.8. 600ஐ 6.8ஆல் வகுத்தால் 88. ஆசிரியர் பற்றிய கேள்விக்கு உங்களிடம் இருப்பது சுமார் 88 பேருக்கான தகவல்தான். நியம வழு உண்மையில் இருக்கவேண்டியதில் ஏறக்குறைய 2.6இல் ஒரு பங்காகவே வரும். அதனால்தான் கண்ட இடமெல்லாம் நட்சத்திரக் குறி!

அடுத்தது, பாடசாலைச் சராசரிகளை எடுத்து 20 வரிகளில் வேலை செய்வது. ஆசிரியர் கேள்விக்கு இது நேர்மையான வழி, சிரிக்க வேண்டாம். தூரத்துக்கு உதவாது. சராசரித் தூரம் கூடிய பாடசாலையில் புள்ளி குறைவு என்பது, தூரத்துப் பிள்ளைதான் குறைவாக எடுத்தது என்று சொல்லாது.

மூன்றாவது, பாடசாலைக்கு ஒரு போலி மாறி வைப்பது. தூரத்துக்கு நல்லது, ஒரே பாடசாலைக்குள் ஒப்பிடுகிறது. ஆனால் ஆசிரியர் மாறி அந்தப் போலி மாறிகளுக்குள் கரைந்துவிடும். சூத்திரத்தில் போலி மாறிகளுக்குப் பின்னால் அதை எழுதினால், R அதற்கு `NA` என்று காட்டும்.

நான்காவது, இரண்டையும் ஒன்றாகக் கேட்கப் பன்மட்ட மாதிரியுரு. இதில் `school/class` என்பது பாடசாலைக்குள் வகுப்பு என்று பொருள்:

```r
library(lme4)
lmer(mark ~ dist + teacher + (1 | school/class), data = d)
```

தூரத்தைப் பாடசாலைச் சராசரியிலிருந்து விலகலாக மாற்றிக் கொடுங்கள், சராசரியையும் தனி மாறியாகச் சேருங்கள். இல்லாவிட்டால் பாடசாலைக்குள் உள்ள விளைவும் பாடசாலைகளுக்கிடையிலான விளைவும் கலந்துவிடும்.

இங்கே வழுக்குவது பெயர்களில். எல்லாப் பாடசாலையிலும் 9A, 9B உண்டு. `(1 | school) + (1 | class)` என்று எழுதினால், 20 பாடசாலைகளின் 9Aயும் ஒரே வகுப்பாகிவிடும். முடிவில் `groups` வரியைப் பாருங்கள்: `class:school, 40` சரி, `class, 2` என்றால் பிழை.

வன்னியில் இன்னொரு சிக்கல். சிறிய பாடசாலைகளில் தரத்துக்கு ஒரு வகுப்புதான். எல்லாமே அப்படியென்றால் வகுப்பையும் பாடசாலையையும் பிரிக்க முடியாது. வகுப்பு மட்டத்தை விட்டுவிட்டு `(1 | school)` மட்டும் வையுங்கள். சிலவற்றில் மட்டும் இரண்டு வகுப்புகள் என்றால் பிரிக்கலாம், ஆனால் அந்தச் சிலவற்றை நம்பியே மதிப்பீடு நிற்கும். பாடசாலைகளே ஐந்தாறுதான் கிடைத்தன என்றால், மூன்றாவது வழியோடு நின்று, ஆசிரியர் கேள்வியைக் கைவிடுவதுதான் என் தெரிவு.