"நடக்கவே வேண்டாம், எடை குறையும்" என்று முட்டி வலிக்காரர்களிடம் விற்கும் மூன்று டப்பா: வாங்குமுன் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை சுற்றுப்பக்கத்தில் ஒரு வியாபாரம் மும்முரமாக நடக்கிறது. கல்யாண மண்டபத்தில் "இலவச எலும்பு பரிசோதனை முகாம்" என்று போர்டு வைப்பார்கள். கையில் பிடிக்கும் ஒரு மெஷினைக் கொடுத்து, "ஆச்சி, உங்களுக்கு வயசு 58, உடம்புக்கு வயசு 71" என்பார்கள். அந்த மெஷின் உடம்புக்குள் சிறிய மின்சாரத்தை ஓட்டி, நீரின் அளவை வைத்துக் கொழுப்பைக் கணக்குப் போடுவது. தண்ணீர் குடித்தால் ஒரு எண், வயிறு போனால் இன்னொரு எண். ஆனால் ஆச்சி பயந்துவிடுவார். பயந்த பிறகுதான் பேக்கேஜ் வெளியே வரும்.

பேக்கேஜில் மூன்று டப்பா. காலை, இரவு சாப்பாட்டுக்குப் பதிலாகக் கலக்கிக் குடிக்க ஒரு ஷேக் பவுடர். படுக்கப் போகும்போது ஒரு "ஸ்லிம் டீ". முட்டி வலிக்கு ஒரு "மூலிகைப் பொடி", காலையும் மாலையும் கால் ஸ்பூன். மூன்று மாதத்துக்கு 24,500 ரூபாய். ரசீது என்று தருவது கையால் எழுதிய துண்டுச்சீட்டு.

இதில் ஏமாறுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டு முட்டியும் தேய்ந்தவருக்கு எந்த டாக்டரிடம் போனாலும் "எடையைக் குறைங்க, நடங்க" என்ற பதில்தான். நடந்தால் வலி, நடக்காவிட்டால் எடை. அந்த நேரத்தில் ஒருவர் வந்து "நடக்கவே வேண்டாம்" என்றால் காது அங்கேதான் போகும். சொல்லப்போனால் அந்த வாசகம் பொய்யும் இல்லை. நடக்காமலே எடையைக் குறைக்க முடியும். பொய் இருப்பது டப்பாக்களுக்குள்.

சமீபத்தில் ஒரு ஆச்சிக்கு நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்கிறோம். தொடங்கும்போது எடை 86 கிலோ. இரண்டு முட்டியிலும் தேய்மானம், வளவிலிருந்து முற்றத்துக்கு இறங்கவே தூணைப் பிடிக்க வேண்டும். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.1, அதாவது வாசலில் நின்ற சர்க்கரை. முதல் பத்து நாளில் எடை 82.5. முட்டி வலி மூன்றாம் நாளே பறந்துவிட்டது. தெருவில் நாலு பேருக்கு அவரே சிபாரிசும் செய்தார்.

அந்த மூன்றரை கிலோ எங்கே போனது? ஸ்லிம் டீயில் இருந்தது நிலாவாரை, பேதி மருந்து. இரண்டு வேளைச் சாப்பாடு ஷேக்காக மாறி, மாவுச்சத்தும் மொத்த உணவும் திடீரென்று குறைந்தபோது தசையில் சேமித்த சர்க்கரையும் அதோடு ஒட்டிய நீரும் கரைந்தன. போனதில் பெரும்பங்கு நீர். சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். ஷேக் டப்பாவின் பின்பக்கத்தைப் பார்த்தால், பொருட்கள் பட்டியலில் முதலில் நிற்பது மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி. பட்டியலில் முதலில் வருவதுதான் டப்பாவில் அதிகம் இருப்பது. ஒரு வேளைக்குப் புரதம் 9 கிராம். ஒன்றரை முட்டையில் அது இருக்கிறது.

பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆபத்து மூன்றாவது டப்பாவில். ஐந்தாவது வாரத்தில் ஆச்சிக்கு அடங்காத பசி வந்தது. எடை 84, பிறகு 88. முகம் வட்டமாக உப்பியது, கழுத்தின் பின்புறம் திரட்சி, கை காலில் இடித்த நினைவே இல்லாமல் நீலத் திட்டுகள். விற்றவரைக் கேட்டதற்கு "கெட்ட நீர் மேலே ஏறி வெளியேறுது, ரெண்டாவது கோர்ஸ் போடணும்" என்றார். அதைவிட முக்கியமான ஒரு மாற்றத்தை யாரும் கவனிக்கவில்லை. முட்டியில் வலி இல்லை, ஆனால் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. தலைவாரக் கையைத் தூக்கினால் தோள் சோர்ந்தது. வலி இல்லாதபோது எழ முடியவில்லை என்றால் கோளாறு மூட்டில் இல்லை, தொடைத் தசை கரைகிறது.

இத்தனையும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்டீராய்டு. மூட்டு வலிக்கென்று ஊர் பேர் இல்லாமல் விற்கும் பொடிகளில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்றவற்றைக் கலப்பது நம் நாட்டில் பலமுறை பிடிபட்ட மோசடி. ஆச்சியின் முட்டி வலி மூன்றாம் நாளே பறந்தது இதனால்தான் இருக்கும். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்தால் உயிரைக் காப்பது. அளவு தெரியாமல், கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் தின்றால் பசியை ஏற்றும், கொழுப்பை வயிற்றிலும் முகத்திலும் சேர்க்கும், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், எலும்பை அரிக்கும், தசையைக் கரைக்கும். எடை குறைக்க வாங்கிய பேக்கேஜிலேயே எடை ஏற்றும் சரக்கு!

பதினோராவது வாரம் பொடி தீர்ந்தது. மூன்றாம் நாள் வாந்தி, தலைசுற்றல், கட்டிலிலிருந்து எழ முடியவில்லை, பிரஷர் 90/60. ஆஸ்பத்திரியில் காலை 8 மணிக்கு எடுத்த ரத்தத்தில் கார்டிசால் மிகவும் குறைவு. நம் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் சுரக்கும் ஸ்டீராய்டுதான் கார்டிசால். வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் சுரப்பி வேலையை நிறுத்திவிடும். பொடி நின்ற அன்று உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. சர்க்கரைச் சராசரி 8.2 ஆகியிருந்தது.

ஆகவே இதைப் படிக்கும் யாராவது இப்படி ஒரு பொடியை மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கோபத்தில் இன்றே தூக்கி எறிந்துவிடாதீர்கள். பொடியோடு அரசு மருத்துவமனைக்குப் போய், "இதில் ஸ்டீராய்டு இருக்கலாம், இத்தனை வாரமாகச் சாப்பிடுகிறேன்" என்று வாயால் சொல்லுங்கள். அளவு தெரிந்த மாத்திரையாக மாற்றி, படிப்படியாகக் குறைப்பது டாக்டரின் வேலை. வாந்தி, மயக்கம், கடும் சோர்வு இருந்தால் அது அவசரம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, நடக்க முடியாதவர் எடை குறைப்பது எப்படி? அடுப்படியில்தான். முட்டி தேய்ந்தவர் வலியோடு அரை மணி மெல்ல நடந்தால் செலவாவது ஏறத்தாழ 100 கலோரி. அதே ஆச்சியின் வீட்டுக் கணக்கு இது: மூன்று பேருக்கு மாதம் 5 லிட்டர் எண்ணெய். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 மில்லி, அதில் மட்டும் 450 கலோரி. மாதம் இரண்டரை லிட்டர் என்று ஒரு கேனில் ஊற்றி, அதற்குள் முடிக்கச் சொன்னதும் ஆளுக்கு 225 கலோரி குறைந்தது. குழம்பில் எண்ணெய் மிதக்காவிட்டால் செட்டிநாட்டுக் குழம்பா என்று கேட்பார்கள். ருசி வறுத்து அரைத்த மசாலாவில் இருக்கிறது, மேலே மிதப்பதில் இல்லை. வெள்ளைப் பணியாரத்தையும் சீயத்தையும் விசேஷ நாளோடு நிறுத்தி, மற்ற நாள் குழிப் பணியாரத்தைச் சொட்டு எண்ணெயில் சுட்டார்கள்.

நாலு டம்ளர் காபி, டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றால் நாளுக்கு 160 கலோரி. இரண்டு டம்ளர், டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று ஆக்கியதில் 120 குறைந்தது. மதியம் 100 கிராம் சோற்றைக் குறைத்ததில் 130. ஆக நாளுக்கு 475 கலோரி. ஏட்டுக் கணக்குப்படி மாதம் சுமார் ஒன்றேமுக்கால் கிலோ. நடைமுறையில் ஒன்றரை வந்தாலே நல்லது. கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லது என்று கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுகிறவர்கள், அதில் கொட்டிய சீனியையும் தேங்காயையும் நெய்யையும் யார் கணக்கில் எழுதுவது என்று யோசிக்கட்டும்.

குறைத்த சோற்றின் இடத்தில் புரதம் வர வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் போகும், முட்டியைத் தாங்குவதே தொடைத் தசைதான். எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் புரதம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 முதல் 15. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இந்த அளவை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும்போது மருந்தையும் டாக்டர் குறைக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் சர்க்கரை இறங்கி மயங்கலாம்.

தசைக்கு உட்கார்ந்தே செய்வது போதும். கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, முட்டியால் அதை அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும், பத்து தடவை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டிப் பிடிப்பது. மூன்றாவது, நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, எழுந்து உட்கார்வது. பழகப் பழக ஒரு தலையணையை எடுத்துவிடலாம். செய்தபின் வலி கொஞ்சம் கூடும். மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வராவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். காசும் இல்லை.

எடையைத் தினமும் பார்த்துக் கலங்க வேண்டாம். வாரம் ஒரு நாள், காலையில் கழிப்பறை போய் வந்து, சாப்பிடுமுன், ஒரே மெஷினில். நிற்க முடியாதவர் தொப்புள் மட்டத்தில் டேப்பால் இடுப்பை அளந்து எழுதிவைக்கலாம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் விழும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையும் என்பதால், ஐந்து கிலோவிலேயே வித்தியாசம் தெரியத் தொடங்கும்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்களுக்கு: துண்டுச்சீட்டு, பணம் அனுப்பிய மெசேஜ், முகாம் நோட்டீஸ் எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். டப்பாவில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருந்தால் அது உணவு விற்க வாங்கிய உரிமம், வலி தீர்க்கும் என்ற சான்று இல்லை. நாட்டு மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தேதி, பொருட்கள் பட்டியல் நான்கும் வேண்டும். உடல் பருமனைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு சட்டப்படி குற்றம், ஆகவே நோட்டீஸ் காகிதம் ஒன்றே நல்ல சாட்சி. பணத்துக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்யலாம். பொடிக்கு மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். பிரிக்காத டப்பா ஒன்று மிச்சமிருந்தால் அதைப் பிரிக்காமலே ஒப்படையுங்கள், பிரித்ததைக் கொடுத்தால் "நீங்களே கலந்தது" என்று விற்றவர் கைவிரிப்பார்.