பூட்டுக்காரரும் கத்தியும்: டியூரெஸ்ஸா, நெசஸிட்டியா?

சட்டக் கல்லூரி கடைசி ஆண்டு மாதிரி வழக்கில் எனக்குக் குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பு வந்தது. பிரச்சினைக் கேள்வியைப் படித்ததும் கூட இருந்த இரண்டு பேரும் ஒரே குரலில் ‘டியூரெஸ்’, அதாவது மிரட்டலுக்குப் பணிந்து செய்தது என்ற வாதம், என்றார்கள். நானும் அரை நாள் அதையே நம்பினேன். பிறகு மனம் மாறி நெசஸிட்டி, அதாவது பெரிய தீங்கைத் தவிர்க்கச் செய்தது என்ற வாதத்தின் பக்கம் போனேன். இன்றும் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன், கொஞ்சம் தயக்கத்தோடு.

கேள்வி இது. வியாசர்பாடியில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவர் செல்வம். ஒரு நாள் இரவு மூன்று பேர் வீட்டுக்குள் நுழைகிறார்கள். ஒருவன் எட்டு வயது மகளின் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறான். மற்ற இருவரும் ஆயுதம் எதுவும் இல்லாமல் செல்வத்தை பைக்கில் தி.நகருக்குக் கூட்டிப்போகிறார்கள். நாற்பது நிமிடப் பயணம். வீட்டில் இருப்பவனோடு போன் இணைப்பு அறுபடாமல் இருக்கிறது. “வாயைத் திறந்தால் குழந்தை இல்லை” என்கிறார்கள். வழியில் பாண்டி பஜார் காவல் நிலையம் வருகிறது, தாண்டிப் போகிறார்கள். நகைக்கடை ஷட்டரின் பூட்டை செல்வம் கேஸ் கட்டரால் அறுத்துத் தருகிறார். உள்ளே போகவில்லை, எதையும் எடுக்கவில்லை. தீப்பொறி பறந்து பக்கத்து நடைபாதைத் துணிக் குவியல் பற்றிக்கொள்கிறது. தீ அடுத்த வரிசைக்குப் பரவாமல் இருக்க, நடுவில் இருந்த ஒரு கடைக்காரரின் கீற்றுப் பந்தலை செல்வம் இழுத்துத் தள்ளிச் சிதைக்கிறார். அவர் எந்த வாதத்தை எடுக்கலாம்?

பொதுவான வேற்றுமையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டியூரெஸ்ஸில் ஒரு மனிதன் மிரட்டிச் செய்ய வைக்கிறான். நெசஸிட்டியில் நிலைமை நெருக்குகிறது, இரண்டு தீங்குகளில் சிறியதை நாமே தேர்ந்தெடுக்கிறோம். முன்னது பாரதிய நியாய சன்ஹிதாவில் 32வது பிரிவு, பின்னது 19. பழைய தண்டனைச் சட்டத்தில் 94, 81. வாசகங்கள் பெரிதாக மாறவில்லை, எனவே பழைய குறிப்புகளைத் தூக்கிப்போட வேண்டாம். இரண்டிலும் நிரூபிக்கும் பொறுப்பு குற்றம்சாட்டப்பட்டவருடையது. ஆனால் சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு என்று காட்டினால் போதும்.

இனி மாணவர்கள் விழும் பொறிக்கு வருவோம். டியூரெஸ் பிரிவின் இரண்டாவது விளக்கத்திலேயே ஒரு கொல்லர் வருகிறார். கொள்ளைக் கூட்டம் அவரைப் பிடித்து, உடனடி மரண பயம் காட்டி, அவருடைய கருவிகளாலேயே ஒரு வீட்டின் கதவை உடைக்க வைக்கிறது. அவருக்கு விலக்கு உண்டு. பூட்டுக்காரர் என்ற சொல்லைப் பார்த்ததும் மாணவர் கை தானாக அந்தக் கொல்லரை எழுதிவிடுகிறது.

பிரிவைச் சொல் சொல்லாகப் படித்தால்தான் விஷயம் தெரியும். மிரட்டல் ‘அந்தச் செயலைச் செய்யும் நேரத்தில்’, செய்பவருக்கு, ‘அந்த நபருக்கே உடனடி மரணம்’ நேரும் என்ற நியாயமான அச்சத்தைத் தந்திருக்க வேண்டும். அந்த நபருக்கே! மகளுக்கு அல்ல. விளக்கத்தில் வரும் கொல்லரின் உயிருக்கே ஆபத்து இருந்தது. இங்கே செல்வத்தின் உயிருக்கு இல்லை. ஆங்கிலச் சட்டத்தில் குடும்பத்தாருக்கான மிரட்டலும் ஏற்கப்படுகிறது, ஆனால் நம் வாசகத்தில் அதற்கு இடமே இல்லை. ஒரே ஒரு விவரத்தை மாற்றி, ஷட்டரை அறுக்கும்போது செல்வத்தின் முதுகில் கத்தி இருந்ததாக வைத்துக்கொண்டால் டியூரெஸ் நேராக வெல்லும். கொலையும், மரண தண்டனைக்குரிய அரசுக்கு எதிரான குற்றங்களும் மட்டும்தான் இந்த வாதத்துக்கு வெளியே நிற்பவை, பூட்டு உடைப்பு அதில் வராது. அவர் தானாக அந்தக் கூட்டத்தில் போய்ச் சேரவும் இல்லை. இப்போதுள்ள விவரங்களில் மட்டும் அது தோற்கிறது.

அதனால்தான் நெசஸிட்டி. 19வது பிரிவு ‘நபருக்கோ சொத்துக்கோ நேரும் வேறு தீங்கைத் தவிர்க்க’ என்கிறது. யாருடைய உடல் என்று கேட்பதில்லை, மரணம்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்வதில்லை. நகைக்கடைக்காரரின் இழப்பையும் ஒரு குழந்தையின் உயிரையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழும் என்பதில் சண்டையில்லை.

சண்டை முழுவதும் ஒரே இடத்தில்தான். ‘தீங்கு செய்யும் குற்ற எண்ணம் இல்லாமல்’, ‘நேரக்கூடும் என்ற அறிவோடு’ என்கிறது பிரிவு. அதன் எடுத்துக்காட்டில் கப்பல் தலைவன் இருபது முப்பது பேர் உள்ள படகைத் தவிர்க்கத் திருப்புகிறான். இரண்டு பேர் உள்ள இன்னொரு படகு மோதப்படக்கூடும் என்று அவனுக்குத் தெரியும், மோத வேண்டும் என்ற எண்ணம் இல்லை. மாதிரி வழக்கில் நீதிபதியாக உட்கார்ந்திருந்த மூத்த வழக்கறிஞர் இதைத்தான் பிடித்தார்: “தம்பி, படகு மோதலாம், மோதாமலும் போகலாம். உன் கட்சிக்காரர் பூட்டை வேண்டுமென்றே அறுத்தாரே?”

நான் சொன்ன பதில்: “அறுத்தது வேண்டுமென்றுதான் சார். ஆனால் நகைக்கடைக்காரருக்கு இழப்பு வர வேண்டும் என்பது அவர் நோக்கம் அல்ல, வரும் என்ற அறிவு மட்டும்தான்.” திருட்டுக்கு உதவியதாகச் சொல்ல வேண்டுமானால் வேண்டுமென்றே துணை செய்திருக்க வேண்டும். செல்வம் குழந்தையைக் காக்கத்தான் செய்தார். இது பலமான வாதம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நோக்கம் வேறு, எண்ணம் வேறு என்று ஒரு நீதிபதி ஒரே வரியில் தள்ளிவிடவும் முடியும். என் வாதத்தின் மெல்லிய இடம் அது.

அடுத்து நல்லெண்ணம். சட்டத்தில் அதற்கு ‘உரிய கவனமும் அக்கறையும்’ என்று பொருள். காவல் நிலையம் தாண்டினாரே என்று அரசுத் தரப்பு கேட்கும். போன் இணைப்பு திறந்திருந்ததும், நிறுத்தினால் அடுத்த நொடியில் வீட்டில் என்ன நடக்கும் என்பதும்தான் பதில். அந்த இணைப்பு இல்லாமல் போயிருந்தால் நாற்பது நிமிடங்கள் நமக்கு எதிராகவே பேசும். விடைத்தாளில் பெரும்பாலானோர் இந்த நேரக் கணக்கைத் தொடுவதே இல்லை.

பந்தல் விஷயம் எளிது. தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்தவன் என்ற எடுத்துக்காட்டு 19வது பிரிவிலேயே இருக்கிறது. அவசரம், தீங்கின் அளவு இரண்டும் பொருந்தினால் பந்தல்காரரின் சேதத்துக்குக் குற்றப் பொறுப்பு இல்லை. தீயை மூட்டியதே செல்வத்தின் கட்டர்தானே என்றால், 32இல் உள்ளதுபோல ‘தானே அந்த நிலைமைக்குள் போனவருக்கு இல்லை’ என்ற நிபந்தனை 19இன் வாசகத்தில் எழுதப்படவில்லை, கப்பல் தலைவன் எடுத்துக்காட்டில்தான் ‘தன் தவறோ கவனக்குறைவோ இல்லாமல்’ என்று வருகிறது. நல்லெண்ணத்தை எடைபோடும்போது நீதிமன்றம் அதைக் கவனிக்கும், அவ்வளவுதான். இங்கே டியூரெஸ்ஸுக்குப் பேச்சே இல்லை, யாரும் பந்தலை இடிக்கச் சொல்லவில்லை.

ஒரு துணைக் கேள்வி வழக்கமாக வரும்: காவலாளியைக் கொல்லச் சொன்னால்? டியூரெஸ் பிரிவின் முதல் சொற்களிலேயே கொலைக்கு விலக்கு மூடப்பட்டிருக்கிறது. நெசஸிட்டியில் அப்படி எழுதவில்லை என்று அங்கே ஓடிப் பயனில்லை. 1884இல் மிக்னொனெட் கப்பல் வழக்கில், நடுக்கடலில் பசியில் கிடந்து பதினேழு வயதுப் பையன் ரிச்சர்ட் பார்க்கரைக் கொன்று தின்ற இருவருக்கும் ஆங்கில நீதிமன்றம் நெசஸிட்டியை மறுத்தது. மரண தண்டனை பிறகு ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. நம் பிரிவிலும், கொல்லும் எண்ணத்தோடு கத்தியை இறக்கியவர் ‘குற்ற எண்ணம் இல்லாமல்’ என்ற சொற்றொடரைத் தாண்ட முடியாது.

அந்த மாதிரி வழக்கில் நான் நெசஸிட்டியை முன்னால் வைத்தேன். முதுகில் ஏதாவது மிரட்டல் இருந்ததாக சாட்சியம் வந்தால் என்று டியூரெஸ்ஸை மாற்று வாதமாகப் பின்னால் வைத்தேன். இரண்டையும் சேர்த்து எடுக்கத் தடையில்லை. மூத்தவர் எங்களுக்கு இரண்டாம் இடம்தான் கொடுத்தார். முதலிடம் பெற்ற அணி டியூரெஸ்ஸை மட்டுமே எடுத்திருந்தது, அதற்காக அல்ல, பேச்சு நன்றாக இருந்ததால் என்று பிறகு பாரிமுனை டீக்கடையில் அவரே சொன்னார்.