போட்டோவிலிருந்து வீட்டுக் கணக்கு: கட்டங்கள் பிரமாதம், கூட்டல்தான் தகராறு

மேல் வீட்டு அக்கா போன வாரம் ஒரு பிரிண்ட் தாளோடு வந்தார். அவர் வீட்டுக்காரர் பழைய லேப்டாப்பில் போட்டு வைத்திருந்த மாதச் செலவுக் கணக்கு. லேப்டாப் உயிரை விட்டுவிட்டது, தாள் மட்டும் மிச்சம். "போட்டோ எடுத்தாலே அப்படியே கட்டத்துல ஏறிடும்னு சொல்லுவியே, அது நல்லா வருதாம்மா?" என்று கேட்டார். வருகிறது என்று சொல்ல வாயெடுத்தேன், முழுசாகச் சொல்ல முடியவில்லை. தாளைப் போட்டோ எடுத்தால் அதிலுள்ள கணக்கை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றித் தரும் ஆப்பை ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படுத்தியவள் என்ற முறையில் அந்த இழுபறியை எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வரிசையும் பத்தியும் பிரிப்பதில் ஆப்பைக் குறை சொல்லவே முடியாது. கோடு போடாத தாளில்கூட ஏப்ரல் எங்கே முடிகிறது, மே எங்கே தொடங்குகிறது என்று சரியாகக் கண்டுபிடித்துவிடும். படம் ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தாளை ஜன்னலோரம் தரையில் பரப்பி, போனின் நிழல் விழாமல் நேர் மேலே இருந்து எடுங்கள். வாட்ஸப்பில் யாராவது அனுப்பிய படம் என்றால் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி வந்து 3-ம் 8-ம் ஒன்றாகிவிடும். கம்ப்யூட்டர் திரையைப் படம் எடுத்தால் அலை அலையாகக் கோடு விழும், அதற்கு ஸ்க்ரீன்ஷாட் கேட்டு வாங்கலாம்.

என்னுடைய ஆப்புக்குத் தமிழ் எழுத்து தெரியாது. 'மளிகை' என்று இருந்தால் என்னவோ கிறுக்கி வைக்கும். அதனால் பெயர்ப் பத்தியை வெட்டிவிட்டு எண்களை மட்டும் ஏற்றுவேன், பெயர்களை ஒரு தடவை நானே அடித்துக்கொள்வேன். இதெல்லாம் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றே ஒன்று. எண் மாதிரியே தெரியும், ஆனால் எண்ணாக இருக்காது.

அக்காவின் தாளையே எடுத்துக்கொள்கிறேன். அதில் மொத்தமே ஐந்து வரிதான். ஏப்ரலுக்கு வாடகை 18,000, மளிகை 9,450, பால் 2,160, கரண்ட் 3,280, கேன் தண்ணீர் 1,200. தாளின் அடியில் மொத்தம் 34,090 என்று அச்சாகியிருந்தது. படம் ஏற்றி SUM போட்டால் 24,640 என்கிறது. பிழை என்று ஒரு சத்தம் இல்லை, சிவப்பு இல்லை. சந்தேகமான கட்டங்களைச் சரிபார்க்கச் சொல்லி ஆப் கேட்கும்தான், ஆனால் அது சந்தேகப்பட்டது பாலை. பால் சரியாகத்தான் இருந்தது. மளிகையில் 9,450-இன் கடைசிப் பூஜ்யத்தை ஆங்கில O என்று படித்துவிட்டு, அதைப் பற்றித் துளிகூடச் சந்தேகப்படவில்லை. எழுத்து கலந்தால் அந்தக் கட்டம் முழுவதும் எழுத்துதான். SUM அதைக் கூட்டாமல் தாண்டிப் போய்விடும். என் ஆத்திரமெல்லாம் இங்கேதான். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லித் தொலைக்கலாமே!

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கட்டத்துக்குள் இடமா வலமா என்ற அமைப்பை நீங்கள் மாற்றாத வரை எண் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். இருபது வரித் தாளில் கண் தப்பவிடும் என்பதால் நான் ஒவ்வொரு பத்தியின் கீழும் இதைப் போட்டுவைக்கிறேன்:

```
=COUNTA(B2:B6)-COUNT(B2:B6)
```

இங்கே B பத்தி ஏப்ரல், 2 முதல் 6 வரையான வரிகள் அந்த ஐந்து செலவுகள். நிரம்பிய கட்டங்களின் எண்ணிக்கையிலிருந்து உண்மையான எண் உள்ள கட்டங்களின் எண்ணிக்கையைக் கழிக்கிறது. விடை 0 என்றால் நிம்மதி. 1 என்றால் ஒரு கட்டம் வேஷம் போடுகிறது. செலவில்லாத இடத்தில் தாளில் கோடு ("-") போட்டிருந்தால் அதையும் எழுத்தாகக் கணக்கெடுக்கும், அதனால் கோடுகளை முதலிலேயே காலியாக்கிவிடுங்கள்.

இதற்கும் தப்பிக்கும் பிழை உண்டு. காற்புள்ளியைப் புள்ளியாகப் படித்தால் 9,450 ரூபாய் 9.45 ஆகிவிடும். அது உண்மையான எண், எனவே மேலே உள்ள ஃபார்முலாவில் சிக்காது. அதற்குத்தான் தாளில் இருக்கும் பழைய மொத்தம். அதைப் படத்திலிருந்து எடுக்காமல் கையால் B7-இல் அடித்துவிட்டு வித்தியாசம் பார்க்க வேண்டும்:

```
=B7-SUM(B2:B6)
```

அக்கா தாளில் வித்தியாசம் 9,450. அதாவது விடுபட்டது மளிகை என்று அதுவே காட்டிக் கொடுத்துவிட்டது. 9.45 ஆகியிருந்தால் வித்தியாசத்தில் பைசா எட்டிப்பார்க்கும். 50, 500, 5,000 என்று வந்தால் 3-க்கும் 8-க்கும் குழப்பம் நடந்த இடத்தைத் தேடுங்கள். திருத்தும்போது ஒன்று: அந்தக் கட்டத்தின் வடிவம் 'எழுத்து' என்று இருந்தால், சரியான எண்ணை அடித்தாலும் எழுத்தாகவே நிற்கும். முதலில் வடிவத்தை எண்ணுக்கு மாற்றிவிட்டு அடிக்க வேண்டும்.

சரி, மொத்தம் தேறிவிட்டது. அப்புறம் மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவது. இதில் ஆப்பைக் குறை சொல்ல முடியாது, ஆனால் சென்னையில் வீட்டுக் கணக்கு போடுகிற எல்லோரும் ஏமாறுகிற இடம் இதுதான். மே மாதம்: வாடகை 18,000, மளிகை 9,870, பால் 2,160, கரண்ட் காலி, கேன் தண்ணீர் 1,350. மொத்தம் 31,380. ஏப்ரலைவிட 2,710 குறைவு. அக்காவுக்கு ஒரே சந்தோஷம், "மே மாசம் செலவைக் கட்டுப்படுத்திட்டேன் பாத்தியா" என்றார்.

செலவு கட்டுப்படவில்லை. கரண்ட் பில் நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. 100 யூனிட் இலவசம் என்பதே இரண்டு மாதத்துக்கு எண்ணித்தான் கொடுக்கிறார்கள். அவர்கள் வீட்டில் ரீடிங் மாதத் தொடக்கத்தில் எடுப்பார்கள். ஆகவே ஏப்ரலில் கட்டிய 3,280 பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு உரியது. ஏப்ரல், மே வெயிலில் ஏசி ஓடியதற்கான பில் ஜூனில் 4,150 என்று வந்திருக்கிறது. அதனால் ஒப்பிடுவதற்கு மட்டும் அதே ஷீட்டில் கீழே தனியாக ஒரு பட்டியல் வைத்து, அதில் ஏப்ரலுக்கும் மேக்கும் கரண்ட் கட்டத்தில் மூலப் பட்டியலில் D5-இல் இருக்கும் ஜூன் பில்லின் பாதியைப் போட்டேன்:

```
=D5/2
```

மாதத்துக்கு 2,075. இப்போது ஏப்ரல் 32,885, மே 33,455. குறைந்ததாகத் தெரிந்த மே உண்மையில் 570 ரூபாய் கூடியிருக்கிறது: மளிகையில் 420, தண்ணீரில் 150. பாதிப் பாதி என்பது துல்லியம் இல்லைதான், மே வெயில் ஏப்ரலைவிடக் கொஞ்சம் அதிகம் இழுத்திருக்கும். ஆனாலும் காலிக் கட்டத்தைவிட இது பரவாயில்லை. கையிலிருந்து பணம் போன தேதி வேண்டும் என்றால் அது மூலப் பட்டியலில் அப்படியே இருக்கிறது, அதை நான் தொடுவதில்லை. அரையாண்டுக்கு ஒரு தடவை கட்டும் சொத்து வரியையும் இப்படித்தான் ஆறாகப் பிரிக்கிறேன்.

இதைச் சொன்னதும் அக்கா முகம் விழுந்துவிட்டது. "அந்தத் தாளே நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த ஆப்பைப் பயன்படுத்தலாமா, வேண்டாமா? பத்திகள் அழகாக வருகின்றன, நேரம் மிச்சமாகிறது, இலவசம் வேறு. இருந்தும் ஒரே ஒரு தாள்தான் இருக்கிறது என்றால் கையால் அடித்துவிடுங்கள் என்பேன். ஒரு கட்டு தாள் இருப்பவர்கள் ஏற்றிக்கொள்ளலாம், மேலே சொன்ன இரண்டு ஃபார்முலாவையும் போட்டுவிட்டு. ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றால், அந்த O இன்னும் கண்ணில் உறுத்துவதால் இரண்டு. நாளைக்கு எங்கள் வீட்டு ஜூலை கணக்கை இதில்தான் ஏற்றப்போகிறேன்.