கறுப்பு டைமண்டா, வெள்ளை டைமண்டா, வெறும் கோடா?

தேர்வில் வரும் யூஎம்எல் கிளாஸ் டயகிராம் கேள்வியில் கிளாஸ்களைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. கேள்வியில் வரும் பெயர்ச்சொற்களே பாதியைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்ஹெரிட்டன்ஸும் அப்படித்தான்: "சேமிப்புக் கணக்கு ஒரு வகை வங்கிக் கணக்கு" என்று சொல்ல முடிந்தால் வெற்று முக்கோணம், அதுவும் வங்கிக் கணக்கின் பக்கம். கை தடுமாறுவது அசோசியேஷன், அக்ரிகேஷன், கம்போசிஷன் மூன்றில் எது என்னும் இடத்தில்தான்.

நான் தேர்வில் கடைப்பிடித்த முறை இது: எல்லா உறவையும் முதலில் வெறும் கோடாக, அதாவது அசோசியேஷனாகப் போட்டுவிடுவேன். கேள்வியின் வரிகளில் ஆதாரம் இருந்தால் மட்டும் கறுப்பு டைமண்ட், அதாவது கம்போசிஷன். அக்ரிகேஷனைக் குறிக்கும் வெள்ளை டைமண்டை, கேள்வியே கேட்டாலொழிய, தொடமாட்டேன்.

கறுப்பு டைமண்டுக்கு இரண்டு ஆதாரம் வேண்டும். முழுமையை அழித்தால் அதிலுள்ள பகுதியும் அழிய வேண்டும். ஒரு பகுதி ஒரே நேரத்தில் இரண்டு முழுமைகளுக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. "இதில் அது இருக்கிறது" என்ற சொல் மட்டும் ஆதாரமாகாது.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: "வாடிக்கையாளர் ஆர்டர் கொடுப்பார். ஆர்டரில் ஒன்றோ பலவோ வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு பொருளும் எண்ணிக்கையும் இருக்கும். ஆர்டரை நீக்கினால் அதன் வரிகளும் நீங்கும்." ஆர்டருக்கும் வரிக்கும் நடுவே கம்போசிஷன்; கடைசி வாக்கியமே அதற்குச் சாட்சி. டைமண்ட் ஆர்டர் பக்கம், அங்கே `1`, வரியின் பக்கம் `1..*`. வரிக்கும் பொருளுக்கும் இடையில் வெறும் கோடு போதும். வரி போனாலும் பொருள் பட்டியலில் இருக்கும், அதே பொருள் வேறு பல வரிகளிலும் வரும்; அதனால் பொருள் பக்கம் `1`, வரியின் பக்கம் `*`. வாடிக்கையாளருக்கும் ஆர்டருக்கும் வெறும் கோடுதான். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு வாடிக்கையாளர் கட்டாயம் என்பதாலேயே அது கம்போசிஷன் ஆகிவிடாது.

வரைந்த பிறகு கறுப்பு டைமண்ட் உள்ள முனைகளை மட்டும் ஒரு முறை பாருங்கள். அங்கே `1` அல்லது `0..1` மட்டுமே இருக்கலாம். `*` இருந்தால் ஒரு பகுதிக்குப் பல முழுமைகள் என்று படமே சொல்கிறது, அதாவது கம்போசிஷன் தவறு. டைமண்டை பகுதியின் பக்கம் போட்டுவிட்டாலும் பெரும்பாலும் இந்தச் சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் அக்ரிகேஷன். அதன் துல்லியமான அர்த்தம் பயன்பாட்டுத் துறையையும் வரைபவரையும் பொறுத்தது என்று யூஎம்எல் வரையறையே விட்டுவைத்திருக்கிறது. வெறும் கோட்டைவிட அது கூடுதலாக எதைச் சொல்கிறது என்று விடைத்தாளில் நிரூபிப்பது கடினம். ஆனால் "துறையும் ஆசிரியர்களும்" போன்ற உதாரணத்தோடு அக்ரிகேஷனைக் கற்பிக்கும் பாடத்திட்டங்கள் உண்டு. உங்களுடையது அப்படியென்றால், மதிப்பெண் திட்டம் அதை எதிர்பார்க்கக்கூடும். அங்கே என் முறையை அப்படியே பின்பற்றச் சொல்லமாட்டேன். வெள்ளை டைமண்டைப் போட்டு, "துறை கலைந்தாலும் ஆசிரியர்கள் தொடர்வார்கள்" என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.